அதிக மாதத்தின் மேல் போட்ட பழி

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கைமாறிக்கொண்டிருக்கும் ஒரு கட்டுரையின் நகல் எனக்கும் வந்து சேர்ந்தது. பண்டிகைகள் ஏன் ஆண்டுதோறும் தேதி மாறுகின்றன என்று கேட்டு, அதற்கான பழி முழுவதையும் அதிக மாதத்தின் தலையில் கட்டியிருக்கிறார் அதை எழுதியவர். புரோகிதர்களும் பஞ்சாங்கம் அச்சிடுபவர்களும் சேர்ந்து காலண்டருக்குள் நுழைத்த இடைச்செருகலாம் அது. அதைத் தூக்கி எறிந்தால் தீபாவளி ஒரே தேதியில் நின்றுவிடுமாம். ஆலைத் தொழிலாளி நிம்மதியாக லீவு எழுதிக் கொடுக்கலாமாம். 2022இல் ஒரே தெருவில் தெலுங்குக் குடும்பம் நவம்பரிலும் தமிழ்க் குடும்பம் டிசம்பரிலும் கார்த்திகை விளக்கு ஏற்றியதே, குளறுபடிக்கு இதைவிட வேறு சான்று எதற்கு என்று முடிக்கிறார்.

எழுதியவர் யார் என்பதைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. அவர் சொல்லியிருப்பது தவறு. ஓரிடத்தில் சறுக்கிய தவறல்ல, அடித்தளத்திலேயே தலைகீழாக நிற்கிற தவறு. தொழிலாளர் பெயரைச் சொல்லி அதைப் பரப்புவதால் பதில் சொல்லாமல் விட முடியவில்லை.

முதலில் அந்தத் தலைகீழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். “அதிக மாதம் செருகுவதால்தான் தேதி நகர்கிறது” என்கிறார். கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தீபாவளி வந்த தேதிகளை அவர் ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். 2020இல் நவம்பர் 14. அடுத்த ஆண்டு நவம்பர் 4. 2022இல் அக்டோபர் 24. இந்த இரண்டு தாவலிலும் அதிக மாதம் எதுவும் குறுக்கே வரவில்லை. ஆனாலும் தேதி ஒவ்வொரு முறையும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்திருக்கிறது. 2023இல் அதிக மாதம் வந்தது. தீபாவளி நவம்பர் 12க்குத் திரும்பியது. பிறகு 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 என்று மறுபடியும் முன்னேறியது. 2026இல் மீண்டும் ஓர் அதிக மாதம்; தீபாவளி நவம்பர் 8.

இந்தத் தேதிகள் சொல்வது தெளிவு. அதிக மாதம் வராத ஆண்டுகளில் பண்டிகை நழுவுகிறது, வந்த ஆண்டில் நழுவிய இடத்திலிருந்து பழைய இடத்துக்கு இழுத்து வரப்படுகிறது. நழுவலுக்குக் காரணம் சந்திரன். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். அப்படிப் பன்னிரண்டு சேர்ந்தால் 354 நாளும் சுமார் 9 மணி நேரமும்தான். சூரியன் வானத்தில் ஒரு சுற்று முடிக்க 365 நாளுக்கும் மேல், ஏறத்தாழ ஆறு மணி நேரம் கூடுதலாக ஆகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் துண்டு விழுகிறது. இந்தத் துண்டு எந்தப் புரோகிதரும் உண்டாக்கியதல்ல. இரண்டே முக்கால் ஆண்டுக்குள் அது ஒரு முழுச் சந்திர மாதம் அளவுக்குச் சேர்ந்துவிடும். சேர்ந்த அந்த மாதத்தைக் கணக்கில் காட்டுவதுதான் அதிக மாதம்.

கட்டுரையாளர் ஆசைப்படி அதைத் தூக்கி எறிந்துதான் பார்ப்போமே. 2019 தீபாவளி அக்டோபர் 27. அங்கிருந்து தொடங்கி, 2020, 2023, 2026 ஆகிய மூன்று அதிக மாதங்களையும் கணக்கில் சேர்க்காமல், பன்னிரண்டு பன்னிரண்டு அமாவாசையாக எண்ணிக்கொண்டே போவோம். 2020 தீபாவளி அக்டோபர் 16ஐ ஒட்டி வரும். 2022இல் செப்டம்பர் 25. 2024இல் செப்டம்பர் முதல் வாரம். 2026இல் ஆகஸ்ட் 12, அதாவது ஆடி மாதக் கடைசி. ஐப்பசி அடைமழைக்கு முன்னோ நடுவிலோ வரவேண்டிய பண்டிகை ஏழே ஆண்டில் ஆடி வெயிலுக்குள் போய் நிற்கும். யுகாதி 2026இல் மார்ச் 19 அல்ல, பொங்கல் முடிந்து நாலு நாளில், ஜனவரி 19 வாக்கில் வந்திருக்கும். அதோடும் நிற்காது. சுமார் 33 ஆண்டில் ஒவ்வொரு பண்டிகையும் பன்னிரண்டு ஆங்கில மாதங்களையும் சுற்றி வந்துவிடும். தேதியைப் பூட்டும் என்று இவர் நீட்டுகிற சாவி, இப்போது இருக்கிற பூட்டையும் திறந்துவிடுகிற சாவி.

இன்றைய முறையில் தீபாவளி எவ்வளவு அலைந்தாலும் அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையிலேயே கிடக்கிறது. அந்த எல்லையைக் காப்பது அதிக மாதம். 19 ஆண்டுக்குள் ஏழு அதிக மாதங்கள் வந்தால் சூரியக் கணக்கும் சந்திரக் கணக்கும் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். 2007 தீபாவளி நவம்பர் 8. பத்தொன்பது ஆண்டு கழித்து 2026இலும் நவம்பர் 8. கட்டுரையாளர் தன் வீட்டுப் பழைய காலண்டரைத் தேடி எடுத்தே இதைச் சரிபார்க்கலாம். (எல்லா ஆண்டும் இப்படி அச்சாகப் பொருந்தாது, ஒரு நாள் முன்பின் ஆகும்.)

அடுத்து, பஞ்சாங்கக்காரர் இஷ்டத்துக்கு மாதம் செருகுகிறார் என்ற குற்றச்சாட்டு. இஷ்டம் நுழைய அதில் இடமே கிடையாது. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழையும் கணம் சங்கராந்தி. நம் தமிழ் மாதம் பிறப்பது அந்தக் கணத்தை வைத்துத்தான். அமாவாசை முடிவிலிருந்து அடுத்த அமாவாசை முடிவு வரை ஒரு சந்திர மாதம். அதற்குள் ஒரு சங்கராந்தி விழுந்தால் அது சாதாரண மாதம். எந்தச் சங்கராந்தி விழுந்ததோ அதை வைத்துப் பெயர். ஒன்றுகூட விழாவிட்டால் அது அதிக மாதம். அடுத்து வரும் மாதத்தின் பெயரையே முன்கூட்டி வாங்கிக்கொள்ளும். பண்டிகைகள் அடுத்து வரும் நிஜ மாதத்துக்குப் போகும். விதி இவ்வளவுதான்.

2023ஐ எடுத்துப் பாருங்கள். திருக்கணிதப்படி ஜூலை 17 விடியற்காலை சூரியன் கடகத்தில் நுழைந்தது; ஆடி பிறந்தது. அன்று நள்ளிரவு தாண்டி இரண்டு நிமிடத்தில் அமாவாசை முடிந்தது. அதற்கடுத்த அமாவாசை ஆகஸ்ட் 16 பிற்பகல் 3 மணி 8 நிமிடத்துக்கு முடிந்தது. சூரியன் சிம்மத்தில் நுழைந்ததோ மறுநாள், ஆகஸ்ட் 17 பிற்பகலில். ஆக, ஜூலை 18 தொடங்கி ஆகஸ்ட் 16 வரையான அந்தச் சந்திர மாதத்துக்குள் சங்கராந்தியே இல்லை. முன்புறம் ஒரு நாளுக்கும் குறைவான இடைவெளியில் ஒன்று தப்பியது. பின்புறமும் ஒரு நாளுக்குள் இன்னொன்று தப்பியது. அதனால் அது அதிக சிராவணம். சூரியனும் சந்திரனும் எந்த நேரத்தில் எங்கே இருந்தன என்பதை எந்த நாட்டு வானியல் அட்டவணையை வைத்தும் சரிபார்க்கலாம். ராசியின் தொடக்கப் புள்ளி எது என்பதை மட்டும் நம் மரபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதே விஷயம் தமிழ்க் கணக்கில் எப்படித் தெரிந்தது? 2023 ஆடியில் இரண்டு அமாவாசை வந்தன. ஜூலை 17இல் ஒன்று, ஆகஸ்ட் 16இல் ஒன்று. எந்த ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுப்பது என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது நினைவிருக்கும். காசிமேட்டுக் கரையிலும் அந்தக் கேள்வி இல்லாமல் இல்லை. “தமிழ் நாட்காட்டி சூரிய நாட்காட்டி, வடக்கத்தி அதிக மாதத்துக்கும் நமக்கும் ஒட்டில்லை, உறவில்லை” என்று ஒரு பத்தி முழுக்க மார்தட்டுகிறார் கட்டுரையாளர். ஒரு தமிழ் மாதத்துக்குள் இரண்டு அமாவாசை விழுவதும், ஒரு சந்திர மாதத்துக்குள் சங்கராந்தி விழாமல் போவதும் ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கத்திலிருந்து பார்ப்பதுதான். அப்படி வரும் தமிழ் மாதத்தை மலமாதம் என்று நம் பஞ்சாங்கம் குறிக்கிறது. தமிழ்ப் பெருமைக்காக எழுதப்பட்ட பத்தி தமிழ்ப் பஞ்சாங்கத்தையே திறந்து பார்க்காமல் எழுதப்பட்டிருக்கிறது.

அவர் கட்டுரையில் உருப்படியான கவனிப்பு ஒன்றே ஒன்றுதான். அதிக மாதம் எப்போதும் கோடைக்கும் மழைக்கும் இடைப்பட்ட பாதியிலேயே வருகிறது, மார்கழியிலும் தையிலும் வருவதில்லை என்கிறார். அது பெரும்பாலும் உண்மை. 2012இல் ஆகஸ்ட் நடுவில் தொடங்கியது. 2015இல் ஜூன் நடுவில், 2018இல் மே நடுவில், 2020இல் செப்டம்பர் நடுவில், 2023இல் ஜூலை நடுவில், 2026இல் மே நடுவில். கவனித்தவர் காரணம் தேடியிருக்க வேண்டும். தேடாமல், “மார்கழியும் தையும் கோயிலுக்கு வருமானம் கொட்டும் மாதங்கள், அதனால்தான் அங்கே கை வைப்பதில்லை” என்று ஒரு சதியைக் கற்பித்துவிட்டார்.

வருமானக் கதையை முதலில் முடித்துவிடுவோம். 2023இல் இரட்டை அமாவாசை விழுந்தது எந்த மாதத்தில்? ஆடியில். திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் தொடங்கி வடசென்னையில் இருக்கிற ஒவ்வொரு அம்மன் கோயிலிலும் கூட்டம் அலைமோதும் மாதம் ஆடி. 2020இல்? புரட்டாசியில், பெருமாள் கோயில்களுக்கு அதைவிடப் பெரிய மாதம் உண்டா? அந்த ஆண்டு செப்டம்பர் 17இல் மகாளய அமாவாசை வந்தது. வழக்கமாக அதற்கு மறுநாளே தொடங்க வேண்டிய நவராத்திரி முழுதாக ஒரு மாதம் காத்திருந்து அக்டோபர் 17இல்தான் தொடங்கியது. வருமானத்துக்காகச் செருகுகிறவன் புரட்டாசியின் நடுவில் கொண்டுபோய் இப்படி ஒரு மாத இடைவெளியை வைப்பானா? தன் சொந்தக் கோட்பாட்டை நேராக மறுக்கிற இரண்டு ஆண்டுகள் கண்முன்னே கிடக்க, அவற்றைக் கண்டுகொள்ளாமலே எழுதியிருக்கிறார்.

உண்மையான காரணம் வானத்தில் இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமில்லை. ஜனவரி முதல் வாரத்தில் நாம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறோம். அப்போது பூமி வேகமாக ஓடுகிறது. ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவில். அப்போது மெதுவாக நகர்கிறது. அதனால் தமிழ் மாதங்கள் சம நீளத்தில் இல்லை. ஆனி மாதம் 31 நாளும் சுமார் 15 மணியும் நீள்கிறது. மார்கழி 29 நாளும் 8 மணி சொச்சமும்தான். சந்திர மாதத்தின் சராசரி 29 நாள் 12 மணி 44 நிமிடம் என்று மேலே சொன்னேன். ஆனிக்குள் ஒரு சந்திர மாதத்தை இரண்டு நாள் மிச்சத்தோடு வைக்கலாம். மார்கழிக்குள் அது அடங்கவே அடங்காது. போதாக்குறைக்கு, சூரியன் வேகமாக முன்னேறும் அந்தக் காலத்தில் சந்திரன் அதை எட்டிப் பிடிக்கக் கூடுதல் நேரம் எடுக்கிறது. சந்திர மாதம் சராசரியைவிடச் சற்று நீண்டுவிடுகிறது. உள்ளே வைக்க வேண்டியது நீள, வைக்கும் இடம் குறுகினால் எப்படி அடங்கும்? இரண்டு சங்கராந்திகளுக்கு நடுவில் முழுச் சந்திர மாதம் ஒன்று சிக்கிக்கொள்வதே அதிக மாதம் என்பதால், மாதங்கள் நீண்டிருக்கும் பாதியில் அது வருகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குளிர்கால மாதங்கள் குறுகலாக இருப்பதால், அபூர்வமாக ஒரே சந்திர மாதத்துக்குள் இரண்டு சங்கராந்தி விழுந்துவிடும். அப்போது ஒரு மாதப் பெயர் விடுபட்டுப் போகும். அதைக் க்ஷய மாதம் என்பார்கள். 1963-64இலும் 1982-83இலும் அது நடந்தது. அந்த ஆண்டுகளில் க்ஷய மாதத்துக்கு முன்பும் பின்பும் ஒவ்வோர் அதிக மாதம் வந்து கணக்கு நேரானது. மாதம் கூட்டுவதே பணத்துக்காக என்றால், மாதத்தைக் கழித்தது எதற்காக? கட்டுரையில் க்ஷய மாதம் என்ற சொல்லே இல்லை.

இனி அவர் பெரிதும் நம்பியிருக்கும் கார்த்திகை விளக்குக்கு வருகிறேன். 2022இல் நடந்ததை அவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். இராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் தலைமுறைகளாகத் தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குக் கார்த்திகைப் பௌர்ணமி நவம்பர் 8இல் வந்தது; அன்று சந்திர கிரகணமும் இருந்ததால் முதல் நாளே விளக்கேற்றியவர்கள் பலர். தமிழ் வீடுகளில் கார்த்திகை தீபம் டிசம்பர் 6. ஏறக்குறைய ஒரு மாத இடைவெளி. இதைக் குளறுபடி என்கிறார்.

இரண்டு வீட்டாரும் பார்ப்பது ஒரே கணத்தை: சூரியன் விருச்சிகத்தில் நுழையும் கணம். அது நவம்பர் 16ஐ ஒட்டி வரும். தெலுங்குக் கணக்கில், அந்தக் கணம் எந்தச் சந்திர மாதத்துக்குள் விழுகிறதோ அந்த மாதம் முழுவதும் கார்த்திகம். சங்கராந்தி அந்த மாதத்தின் முன்பாதியில் விழுந்தாலும் பின்பாதியில் விழுந்தாலும் பௌர்ணமி ஒன்றுதான், அது கார்த்திகைப் பௌர்ணமிதான். தமிழ்க் கணக்கில் கார்த்திகை மாதமே சங்கராந்திக்குப் பிறகுதான் பிறக்கிறது. ஆகவே தீபத்துக்குரிய நிறைநிலா அதற்குப் பிறகு வந்தாக வேண்டும். 2021இல் நிறைநிலா நவம்பர் 19இல் வந்தது. சங்கராந்தி கழிந்துவிட்டதால் இரண்டு கணக்குக்கும் அது பொருந்தியது; இரண்டு வீட்டிலும் அன்றே விளக்கு. 2022இல் நிலா பதினோரு நாள் முன்னால் வந்து நவம்பர் 8இல் நிறைந்தது. தெலுங்குக் கணக்குக்கு அது போதும், எட்டு நாள் கழித்து அதே சந்திர மாதத்துக்குள் சங்கராந்தி விழப்போகிறது. தமிழ்க் கணக்குக்கு அது இன்னும் ஐப்பசி. அடுத்த நிறைநிலாவுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

2023இல் என்ன ஆனது என்பதைக் கட்டுரையாளர் எழுதவில்லை. அதிக சிராவணம் வந்து தெலுங்கு மாதங்களை ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளியது. நிலா நவம்பர் 27இல் நிறைந்தது. தமிழ் தீபம் நவம்பர் 26, தெலுங்குக் கார்த்திகைப் பௌர்ணமி 26, 27. மீண்டும் சேர்ந்துவிட்டார்கள். 2024இலும் 2025இலும் பிரிந்தார்கள். 2026இல் அதிக மாதம் வருகிறது. நவம்பர் 24இல் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாள். 2027இல் தெலுங்கு வீட்டில் நவம்பர் நடுவிலும் தமிழ் வீட்டில் டிசம்பர் நடுவிலும் என்று மறுபடி பிரிவார்கள். இதை இன்றே எழுதி வைத்துக்கொண்டு அப்போது சரிபார்க்கலாம். பல ஆண்டு முன்னதாகவே நாள் சொல்ல முடிகிற ஒன்றுக்குக் குளறுபடி என்று பெயர் வைப்பவர், அதைப் புரிந்துகொள்ள முயலவில்லை என்பதுதான் பொருள்.

தமிழ் முறையில் தனியாக மாதம் செருகுவதில்லை என்பதும் உண்மைதான். அதற்குப் பதிலாகத் தமிழர்கள் சூரிய மாதத்தையே வேலியாகப் போட்டுக்கொண்டார்கள். மாசி மகம், பங்குனி உத்திரம், தைப்பூசம், கார்த்திகை தீபம் எல்லாம் சூரிய மாதம் ஒன்றும் நட்சத்திரமோ திதியோ ஒன்றும் சேர்ந்த நாள்கள். நிலா அந்த வேலிக்கு வெளியே முன்னால் நழுவினால் அடுத்த சுற்றுக்குத் தாவுகிறோம். திருவொற்றியூர் தியாகராஜசுவாமி கோயிலில் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள்ளேயே இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டும் கவசம் களைவார்கள். அந்த மூன்று நாளுக்காக வரும் கூட்டம் சில ஆண்டு நவம்பரிலும் சில ஆண்டு டிசம்பரிலும் வரிசையில் நிற்கிறது. அடுத்த சுற்றுக்குத் தாவும்போது அந்த ஆண்டில் ஒரு சந்திரச் சுற்றைக் கூடுதலாக எண்ணுகிறோம். அதிக மாதம் செய்யும் அதே வேலை.

மற்ற மதத்தவரைக் காட்டி ஒரு வாதம் வைக்கிறார்: முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இப்படி ஒரு மாதம் தேவைப்படவில்லையே என்று. இராயபுரத்தில் வாழ்கிற ஒருவர் இதை எழுதலாமா? இஸ்லாமிய நாட்காட்டி முழுக்க முழுக்கச் சந்திரனைப் பின்பற்றுவது. மாதம் கூட்டுவதை அந்த மார்க்கம் வெளிப்படையாகவே தடுத்திருக்கிறது. அதனால் ரமலான் பருவங்களைச் சுற்றி வருகிறது. சென்னையில் நோன்புப் பெருநாள் 2022இல் மே 3, 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 11, 2025இல் மார்ச் 31. தெரிந்தே எடுத்துக்கொண்ட நிலை அது. அவர்களுக்கு அது குறையல்ல. ஆனால் “ஒரே தேதி வேண்டும்” என்று கேட்பவர் எடுத்துக்காட்டத் தக்க முன்மாதிரி அதுவா? அதிக மாதம் இல்லாமல் தேதி நிற்கும் என்ற அவர் வாதத்தை அவரே காட்டிய சான்று உடைக்கிறது.

கிறிஸ்தவர் பக்கமும் அப்படித்தான். படகுக்காரர்கள் கட்டியெழுப்பிய இராயபுரம் புனித பேதுரு ஆலயத்தில் கிறிஸ்துமஸ் எப்போதும் டிசம்பர் 25, சரி. ஈஸ்டர்? 2023இல் ஏப்ரல் 9, 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5. மார்ச் 21இலோ அதற்குப் பிறகோ வரும் திருச்சபைக் கணக்கின் முதல் நிறைநிலாவுக்கு அடுத்த ஞாயிறு என்பது அதன் விதி. அந்த நிறைநிலாவைக் கணக்கிடும் அட்டவணை அதே 19 ஆண்டுச் சுற்றை வைத்து, அதே ஏழு கூடுதல் மாதங்களோடு அமைந்தது. யூதர்கள் 19 ஆண்டில் ஏழு முறை அதார் மாதத்தை இரட்டிக்கிறார்கள். சீனர்கள் 2020, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் ஒரு மாதத்தைக் கூட்டினார்கள். சூரியன் குறிப்பிட்ட பன்னிரண்டு புள்ளிகளில் எதையும் தொடாத சந்திர மாதம் கூடுதல் மாதம் என்று நம் விதியின் உடன்பிறப்பு போன்ற விதி அவர்களுக்கும் இருக்கிறது. எருசலேமிலும் பெய்ஜிங்கிலும் இதே கணக்குப் போடுவது நம்மூர்ப் புரோகிதரின் வருமானத்துக்காகவா?

கடைசியாகத் தொழிலாளர் விஷயம். அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகளில் மூன்று ஷிஃப்ட் ஓடுகிறது; பண்டிகைக்கு ஊருக்குப் போக எப்போது லீவு எழுதுவது, எந்த ரயிலுக்கு டிக்கெட் போடுவது என்பது குடும்பத்தின் பெரிய கவலை. ஆனால் அந்தக் கவலைக்குக் காரணம் தேதி மாறுவதா, தேதியை முன்னதாகச் சொல்லாததா? ஒவ்வோர் ஆண்டுக்குமான பொது விடுமுறைப் பட்டியலை அரசு முந்தைய ஆண்டிலேயே வெளியிட்டுவிடுகிறது. பஞ்சாங்கக் கணக்கோ அதற்கும் வெகு முன்னே போகக்கூடியது. சென்னை மாகாணத்தில் அரசுப் பணியில் இருந்த எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, ஒரு தமிழ்க் கிறிஸ்தவர், 1922இல் வெளியிட்ட இந்தியன் எஃபெமரிஸ் தொகுதிகள் பல நூற்றாண்டுகளுக்கான திதி, நட்சத்திரங்களை ஆங்கிலத் தேதியோடு பொருத்திக் காட்டின. நூறாண்டுக்கு முன் தாளும் பேனாவும் வைத்து ஒருவர் செய்த வேலை இது. ஐந்தாண்டுப் பண்டிகைப் பட்டியலை ஆலை வாசலில் ஒட்டச் சொல்லிக் கேட்டிருந்தால் அது நியாயமான கோரிக்கை. உடனே நிறைவேற்றக் கூடியது. இவர் அதைக் கேட்கவில்லை.

அவர் கேட்பது தீபாவளியை ஓர் ஆங்கிலத் தேதியில் ஆணி அடித்து நிறுத்த வேண்டும் என்பது. நிறுத்தலாம், அரசாணை போதும். ஆனால் அந்தத் தேதியில் பல ஆண்டு வானத்தில் முழு நிலா காய்ந்துகொண்டிருக்கும். அமாவாசையை ஒட்டிய பண்டிகை என்பது பெயரளவுக்குக்கூட மிஞ்சாது. எண்ணூர் முகத்துவாரத்தில் நீர் ஏறுவதும் வற்றுவதும் அந்தத் தேதியைப் பார்த்து நடக்காது. துறைமுகம் பயன்படுத்தும் ஏற்றவற்ற அட்டவணையில் அமாவாசையும் பௌர்ணமியும் எப்போதும்போல நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

நம் நாட்காட்டியில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய குறை ஒன்று இருக்கிறது. அதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. நம் ராசிக் கணக்கு நட்சத்திரங்களைப் பின்பற்றுகிறது, பருவங்களை அல்ல. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இரண்டுக்கும் இடையே சுமார் 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகல் சேர்கிறது. சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21, 22இல். உத்தராயணம் என்று நாம் கொண்டாடுவது ஜனவரி 14, 15இல். மேக்நாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை கொடுத்தபோது, பஞ்சாங்கங்கள் 23 நாள் பிசகியிருப்பதைக் கடுமையாகவே சாடியது. சாகா இயற்பியலாளர், மூடநம்பிக்கைக்குத் துளியும் இடம் தராதவர். அப்படிப்பட்டவர் தலைமையிலான குழுவும் அதிக மாதத்தை நீக்கச் சொல்லவில்லை. மதப் பண்டிகைகளுக்கான சந்திர மாதங்களைச் சூரிய மாதங்களோடு பிணைத்தே வைத்தது. 1957 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியோடு வெளிவரும் அரசுப் பஞ்சாங்கத்தில் இன்றும் அதிக மாதம் இருக்கிறது.

வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள மணிக்கணக்கு வேறுபாடு இன்னொரு குறை. திதி இரண்டு நாளில் பரவும்போது எந்த நாளை எடுப்பது என்ற சச்சரவு மற்றொன்று. 2023 விநாயகர் சதுர்த்திக்குச் செப்டம்பர் 17 என்று அறிவித்த விடுமுறையைத் தமிழ்நாடு அரசு 18க்கு மாற்ற நேர்ந்தது. சதுர்த்தி 18ஆம் தேதி நண்பகலுக்குப் பிறகு தொடங்கி 19ஆம் தேதி பிற்பகல் வரை இருந்தது. ஷிஃப்ட் தொழிலாளியின் லீவைக் கடைசி நேரத்தில் குலைப்பது இந்த ஒருநாள் சச்சரவு. அதிக மாதமோ ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்தது. ஒருநாள் சச்சரவைத் தீர்க்க ஒரே கணிதம், ஒரே விதி வேண்டும் என்று கேட்டுக் கட்டுரையாளர் மறுபடி எழுதட்டும். என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால், அதிக மாதத்தை நீக்கினால் தேதி நிற்கும் என்று எழுதிய அந்த வரியை அவர் திரும்பப் பெற வேண்டும்.